வட்டியே இல்லாத கடனை ஏன் யாரும் வாங்கவில்லை?

2016 பிப்ரவரியில் ஜப்பானின் பெரிய வங்கிகள் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டியை 0.02 சதவீதத்திலிருந்து 0.001 சதவீதமாகக் குறைத்தன. கணக்கில் 10 லட்சம் யென் போட்டு வைத்திருப்பவருக்கு வருஷத்துக்கு 10 யென் வட்டி. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போய்விடும். நேரம் கழித்து ஏடிஎம்மில் ஒரே ஒரு முறை பணம் எடுத்தால் அதற்குக் கட்டணமே நூறு யென்னுக்கு மேல். பணத்தை வங்கியில் வைத்திருப்பதில் இனி எந்தப் பிரயோஜனமும் இல்லை, எடுத்துச் செலவு செய்யுங்கள் என்று இதைவிடத் தெளிவாக மக்களிடம் சொல்ல முடியாது. ஆனாலும் அவர்கள் செலவு செய்யவில்லை.

வாணியம்பாடியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் கேஷ் கிரெடிட், பேக்கிங் கிரெடிட் கொடுத்தே என் வேலைக்காலத்தில் பாதி ஓடிவிட்டது. வட்டி கால் சதவீதம் குறைந்தாலும் போன் வரும். "சார், நமக்கு எப்ப குறையும்?" அதனால் வட்டி குறைந்தால் கடன் பெருகும், கடன் பெருகினால் வியாபாரம் பெருகும் என்பது எனக்கு ரொம்ப காலம் கேள்வி கேட்கத் தேவையில்லாத விஷயமாகவே இருந்தது. ஜப்பானின் கதையைப் படிக்கப் படிக்கத்தான் அந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பது புரிந்தது. லிக்விடிட்டி ட்ராப் என்று பொருளாதார நிபுணர்கள் சொல்லும் அந்தப் பொறியைப் பற்றி எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

பூஜ்ய வட்டி என்றால் இலவசப் பணம் என்றுதான் தோன்றும். அதை முதலில் பார்த்துவிடலாம்.

நம் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மெஷின் வாங்க 50 லட்சம் கடன். வட்டி பூஜ்யம். வருஷத்துக்கு 5 லட்சம் என்று பத்து வருஷத்தில் அசலை மட்டும் திருப்பிக் கட்டினால் போதும். ஒரு ஜோடி ஷூ 1,000 ரூபாய்க்கு விற்கிறது என்றால், முதல் வருஷத் தவணைக்கு 500 ஜோடி விற்ற பணம் வேண்டும். சரி, இப்போது விலைவாசி வருஷத்துக்கு 2 சதவீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வருஷம் அதே ஷூ சுமார் 834 ரூபாய். தவணை மட்டும் அதே 5 லட்சம். அதைக் கட்ட இப்போது 600 ஜோடி வேண்டும். வட்டியே இல்லாத கடன், ஆனால் சரக்குக் கணக்கில் சுமை வருஷா வருஷம் ஏறுகிறது.

இதுதான் உண்மை வட்டி விகிதம். கடன் பத்திரத்தில் எழுதியிருக்கும் வட்டியிலிருந்து விலைவாசி உயர்வைக் கழிக்க வேண்டும். 7 சதவீத வட்டி, 6 சதவீத விலைவாசி உயர்வு என்றால் உண்மை வட்டி 1 சதவீதம். வட்டி பூஜ்யமாகி விலைவாசி 2 சதவீதம் இறங்கினால் உண்மை வட்டி 2 சதவீதம். பார்க்க இலவசமாகத் தெரிகிற கடன்தான் இரண்டில் அதிக விலை. விலைவாசி இப்படி இறங்கிக்கொண்டே போகும் பணவாட்டம் இருக்கிற ஊரில் மத்திய வங்கி என்ன செய்தாலும், வட்டியைப் பூஜ்யம் வரை கொண்டுவந்த பிறகு உண்மை வட்டியை அதற்குக் கீழே இறக்க அதன் கையில் சுலபமான வழி எதுவும் மிச்சம் இல்லை.

ஆனால் ஜப்பானில் விலைவாசி ஒன்றும் பாதாளத்துக்குப் போகவில்லை. 1990களின் இறுதியிலிருந்து பெரும்பாலான வருஷங்களில் இறக்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். இவ்வளவு சின்ன இறக்கம் இவ்வளவு பெரிய முடக்கத்தை உண்டாக்குமா? அது மட்டும் உண்டாக்காது. எதிர்காலத்தில் லாபம் வரும் என்ற நம்பிக்கையும் கூடவே இறங்கியிருந்தது. வேலை செய்யும் வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கை 1990களின் நடுவிலிருந்தே குறைய ஆரம்பித்தது. 1997-க்குப் பிறகு சம்பளம் ஏறவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் துணிந்து கடன் வாங்கிப் புதுத் தொழிற்சாலை கட்ட வேண்டுமென்றால், உண்மை வட்டி பூஜ்யத்துக்கும் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். தேவை மைனஸ் 2 என்றால், கிடைத்ததோ பிளஸ் அரை, பிளஸ் ஒன்று. அந்த இடைவெளிதான் பொறி.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வங்கிக்காரனாக எனக்கு மனதில் அதிகம் பதிந்தது அதுதான்.

1989 டிசம்பர் கடைசியில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915-ஐத் தொட்டது. நிலத்தின் விலையும் அப்படித்தான் ஏறியிருந்தது. அப்புறம் இரண்டும் சரிந்தன. பெருநகரங்களின் வணிக நிலம் அடுத்த பதினைந்து வருஷத்தில் தன் உச்ச விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தது. இதை ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் வைத்துப் பாருங்கள். 80 கோடி கடன் வாங்கி 100 கோடிக்கு நிலமும் கட்டடமும் வாங்கிய கம்பெனி. இப்போது அந்தச் சொத்தின் மதிப்பு 25 கோடி. கடன் அதே 80. தொழில் நன்றாக நடக்கிறது, சரக்கு விற்கிறது, மாதா மாதம் காசு வருகிறது. ஆனால் ஏட்டில் அந்தக் கம்பெனி திவால். இது வெளியே தெரிந்தால் பேங்க் கடன் லிமிட்டைக் குறைக்கும், சப்ளையர் உத்தரவாதம் கேட்பார். அதனால் முதலாளி வெளியே மூச்சு விடாமல், வருகிற லாபத்தையெல்லாம் கடனைக் குறைக்கவே பயன்படுத்துகிறார். இந்த நிலையில் இருப்பவரிடம் போய் வட்டியைக் குறைத்திருக்கிறோம், இன்னும் 10 கோடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் அவர் வாங்குவாரா?

ரிச்சர்ட் கூ என்ற பொருளாதார நிபுணர் இதை பேலன்ஸ் ஷீட் மந்தம் என்று விளக்கினார். 1990களின் பின்பாதியிலிருந்து ஜப்பானியக் கம்பெனிகள் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் கடன் வாங்குபவர்களாக இல்லை, பணம் சேமிப்பவர்களாக மாறியிருந்தன. அதுவும் வட்டி ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தபோது. நான் படித்த பாடத்தில் குடும்பங்கள் சேமிக்கும், கம்பெனிகள் அதைக் கடனாக வாங்கி முதலீடு செய்யும். இங்கே இரண்டு பேரும் சேமிக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனியும் எடுத்த முடிவு அதன் அளவில் சரியானது. அவர்களுடைய பேங்க்காரனாக நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தபோது, ஒருவருடைய செலவுதான் இன்னொருவருடைய வருமானம் என்பதால், எல்லோருடைய வருமானமும் சுருங்கியது. விலையும் இறங்கியது. இறங்கிய விலையில் மிச்சக் கடன் இன்னும் கனத்தது. அமெரிக்காவின் பெருமந்தத்தைப் பார்த்து பொருளாதார நிபுணர் இர்விங் ஃபிஷர் 1933-ல் எழுதியது இதைத்தான்: கடனைக் கட்டக் கட்ட, மிச்சமிருக்கும் கடனின் பாரம் கூடுகிறது.

இந்த நேரத்தில் மத்திய வங்கி சும்மா இருக்கவில்லை. பேங்க் ஆஃப் ஜப்பான் 1999-ல் வட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. 2000-ல் அவசரப்பட்டு ஏற்றியது. 2001 மார்ச்சில் புது வழி ஒன்றைத் தொடங்கியது. வட்டியை இலக்காக வைக்காமல், வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் நடப்புக் கணக்கு இருப்பையே இலக்காக வைத்தது. ஆரம்பத்தில் 5 லட்சம் கோடி யென். அதைப் படிப்படியாக ஏற்றி 2004-ல் 30 முதல் 35 லட்சம் கோடி யென்னுக்குக் கொண்டுபோனது. வங்கிகளிடமிருந்து அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி, அதற்கு விலையாக அந்தக் கணக்கில் பணத்தை வரவு வைத்தது.

அந்தப் பணம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. அந்தக் கணக்கிலேயே உட்கார்ந்திருந்தது. வங்கிகள் கொடுத்திருந்த கடனின் மொத்த நிலுவை அந்த வருஷங்களில் பெரும்பாலும் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. நோட்டு அடித்து விட்டால் விலைவாசி ஏறிவிடும் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அடித்த பணம் கடைக்கு வந்தால்தான் ஏறும். மத்திய வங்கிக் கணக்கில் இருக்கும் இந்த ரிசர்வ் பணம் வங்கிகளுக்குள்ளும் மத்திய வங்கியோடும் மட்டுமே ஓடும். யாராவது ஒருவர் கடன் கேட்டு வந்து, வாங்கிய கடனைச் செலவு செய்தால்தான் அது ஊருக்குள் இறங்கும். வட்டி பூஜ்யமாக இருக்கும்போது கடன் பத்திரத்துக்கும் ரொக்கத்துக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. இரண்டும் வருமானம் தராது, இரண்டும் பத்திரமானவை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தால் வாங்கியவர் நடந்துகொள்ளும் விதம் ஏன் மாற வேண்டும்? பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் 1936-ல் சொன்னதன் சாரம் இதுதான். நம் வட ஆற்காட்டு விவசாயிக்கு உடனே புரியும்: மோட்டாருக்கு மின்சாரம் இலவசம்தான், கிணற்றில் தண்ணீர் இல்லையே.

இந்தப் பொறிக்குள் ஒரு நாடு விழுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் பார்க்கும் அடையாளமும் இதிலிருந்து வந்ததுதான். மத்திய வங்கி பணத்தைக் கூட்டுகிறது, வங்கிகளின் ரிசர்வ் இருப்பு பெருகுகிறது, ஆனால் கடன் நிலுவை நகரவே இல்லை. கூடவே நீண்ட காலப் பத்திரங்களின் வருமானமும் அடிமட்டத்தில் கிடக்கிறது. அப்போது குறை வங்கியின் பக்கம் இல்லை, கடன் கேட்பவர் பக்கம். வங்கியிடம் பணம் இல்லாததால் கடன் நிற்கிறது என்றால், வட்டி ஏறும், இறங்காது.

பூஜ்யத்தில் நின்றுவிட்டதால் அதற்குக் கீழேயும் போய்ப் பார்க்கலாம் என்ற யோசனை அடுத்து வந்தது. டென்மார்க் 2012-லும், ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனிலும் மைனஸ் வட்டிக்குப் போயின. சுவிட்சர்லாந்து 2015 ஜனவரியில் மைனஸ் 0.75 வரை இறங்கியது. ஜப்பான் 2016 ஜனவரி 29 அன்று, கொள்கைக் குழுவில் ஐந்துக்கு நான்கு என்ற ஓட்டில், மைனஸ் 0.1 என்று அறிவித்தது.

இது எப்படி நடக்கிறது என்பதில்தான் இதன் பலவீனமும் இருக்கிறது. ஜப்பானில் மைனஸ் வட்டியைப் பொதுமக்கள் கட்டவில்லை. மத்திய வங்கியில் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் கட்டின. அதுவும் எல்லா இருப்புக்கும் இல்லை. ஜப்பான் அந்தக் கணக்குகளை மூன்று அடுக்காகப் பிரித்தது. ஏற்கெனவே இருந்த பெரும்பகுதிக்குப் பழையபடி பிளஸ் 0.1 கிடைத்தது. இன்னொரு பகுதிக்குப் பூஜ்யம். அதற்கு மேல் புதிதாகச் சேரும் பணத்துக்கு மட்டும் மைனஸ் 0.1. ஆரம்பத்தில் மொத்தத்தில் மிகச் சின்னப் பகுதிக்குத்தான் அபராதம் விழுந்தது. ஆனால் சந்தையில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஒரு நாள் கடனின் வட்டி அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தே நிர்ணயமாகும் என்பதால், எல்லா வட்டியும் கீழே வந்தது. சில நாட்களிலேயே பத்து வருஷ அரசுப் பத்திரத்தின் வருமானம் பூஜ்யத்துக்குக் கீழே போனது.

அபராதத்தைவிட வங்கிகளை வாட்டியது அந்த இறக்கம்தான். வங்கியின் பிழைப்பு இரண்டு வட்டிக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. வீட்டுக் கடன், கம்பெனிக் கடன், பத்திரம் எல்லாவற்றிலும் வரும் வருமானம் இறங்கிக்கொண்டே போகிறது. டெபாசிட் வட்டியை மட்டும் அதே அளவுக்கு இறக்க முடியவில்லை. 0.02-லிருந்து 0.001-க்கு வந்தால் மிச்சமாவது 0.019 சதவீதம். அதற்குக் கீழே, பூஜ்யத்துக்கு அப்பால், சாதாரண மனிதரிடம் உங்கள் பணத்தை வைத்துக்கொள்ள நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும் என்று எந்த வங்கி சொல்லும்? சொன்னால் அவர் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். நோட்டுக்கு வட்டி பூஜ்யம், ஆனால் பூஜ்யம் மைனஸை விட மேல். அந்த பிப்ரவரியில் ஜப்பானில் வீட்டு உபயோக இரும்புப் பெட்டிகளின் விற்பனை ஏறியதாகச் செய்திகள் வந்தன. பெட்டி வாங்கும் செலவு, திருட்டு பயம், எண்ணி வைக்கும் தொல்லை இவற்றால் நோட்டைப் பதுக்குவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை அளவுக்குத்தான் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியும். அதனால்தான் ஐரோப்பாவிலும் முக்கியக் கொள்கை வட்டியை யாரும் மைனஸ் 1 வரை கொண்டுபோகவில்லை. நம் ஊரில் இதை முயன்றால் பணம் பீரோவுக்குக்கூடப் போகாது, நேரே நகைக்கடைக்குப் போகும் என்பது என் எண்ணம்.

இடைவெளி சுருங்கிய வங்கி என்ன செய்யும்? லாபம் குறைந்தால் மூலதனம் சேராது, மூலதனம் சேராவிட்டால் ரிஸ்க் எடுக்காது. ஒரு கட்டத்துக்கு மேல் வட்டியைக் குறைப்பதே கடனைச் சுருக்கிவிடும் என்று ப்ரன்னர்மையர், யான் கோபி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எந்தப் புள்ளியில் அது திரும்பும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் மைனஸ் வட்டியால் கடன் ஓரளவு கூடியது என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் டெபாசிட்டையே பெரிதும் நம்பியிருக்கும் ஜப்பானின் சின்ன ஊர் வங்கிகளின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. எங்களைப் போன்ற கிளைகளைத்தான் முதலில் மூடுவார்கள்.

சேமிப்பவர்கள் பக்கமும் கணக்கு எதிர்பார்த்தபடி வரவில்லை. குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி, சித்தப்பாவின் ரிட்டையர்மென்ட் பணத்தை டெபாசிட்டில் போட்டு அந்த வட்டியில் காலம் தள்ளுகிறார். 2020-ல் டெபாசிட் வட்டி இறங்கியபோது, வட்டி குறைந்தால் மக்கள் அதிகம் செலவு செய்வார்கள் என்பதுதான் திட்டம் என்று நான் விளக்கப் போக, "எனக்கு வர்றதே குறைஞ்சுபோச்சு, நான் எப்படிப்பா அதிகமா செலவு பண்ணுவேன்? பால் அரை லிட்டர் குறைச்சிட்டேன்" என்றார். ஜப்பானில் வயதானவர்கள் அதிகம். குடும்பங்களின் நிதிச் சொத்தில் அப்போது பாதிக்கு மேல் ரொக்கமும் டெபாசிட்டும். அங்கே சித்தியைப் போல யோசிப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வட்டி மைனஸுக்குப் போனது என்ற செய்தியே, நிலைமை அவ்வளவு மோசமா என்ற பயத்தைத்தான் அவர்களுக்குக் கொடுத்தது. அறிவிப்பு வந்த அன்று டாலருக்கு 121 யென் அளவில் இருந்த மதிப்பு, இறங்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, இரண்டு வாரத்தில் 112 அளவுக்கு வலுத்தது. உலகச் சந்தைகளில் அப்போது இருந்த பீதிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் ஏற்றுமதியாளர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்கவில்லை.

2020-ல் வாணியம்பாடியிலும் இதைப் போல ஒன்றைப் பார்த்தேன். ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை மே மாதம் 4 சதவீதத்துக்கு இறக்கியிருந்தது. பணம் வங்கிகளில் வழிந்தது. பல டேனரிகளின் லிமிட் பயன்படாமல் கிடந்தது. ஒரு பாயிடம் கேட்டேன், ஏன் எடுக்கவில்லை என்று. "சார், வட்டி ஜீரோன்னாலும் இப்ப வேணாம். ஐரோப்பாவுல கடையே திறக்கல. பச்சைத் தோல வாங்கி டிரம்ல போட்டு யாருக்கு விக்கிறது?" இதைப் பார்த்து நம் நாடும் பொறியில் விழுந்துவிட்டது என்று அப்போது சிலர் எழுதினார்கள். அது சரியில்லை. அந்த வருஷம் நம் சில்லறை விலைவாசி 6 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. 4 சதவீத ரெப்போவில் உண்மை வட்டி ஏற்கெனவே பூஜ்யத்துக்குக் கீழே. ரிசர்வ் வங்கிக்கு இன்னும் குறைக்க இடமும் இருந்தது. கடைகள் திறந்ததும் ஆர்டர் வந்தது, லிமிட்டும் நிரம்பியது. ஒரு வருஷம் ஆர்டர் இல்லாமல் போவது வேறு. விலை இறங்கிக்கொண்டே இருக்கும் என்று ஒரு தலைமுறையே நம்புவது வேறு.

அந்த நம்பிக்கையை உடைப்பதுதான் வழி என்று பொருளாதார நிபுணர் பால் க்ருக்மன் 1998-லேயே ஜப்பானைப் பற்றி எழுதினார். இன்றைய பணத்தின் அளவு முக்கியமில்லை. நாளை விலைவாசி ஏறிய பிறகும் மத்திய வங்கி பிரேக் போடாது என்று மக்கள் நம்ப வேண்டும். மத்திய வங்கிக்கு இதில் சங்கடம் என்னவென்றால், விலைவாசியைக் கட்டுப்படுத்துவதில் அதற்கு இருக்கும் நல்ல பெயரே இங்கே தடை. 2013-ல் பேங்க் ஆஃப் ஜப்பானின் கவர்னரான குரோடா, இரண்டே வருஷத்தில் 2 சதவீத விலைவாசி உயர்வு என்று இலக்கு வைத்து, நோட்டும் வங்கிகளின் ரிசர்வ் இருப்பும் சேர்ந்த பண அடித்தளத்தை இரண்டு மடங்காக்கப் புறப்பட்டார். யென் இறங்கியது, கம்பெனி லாபம் ஏறியது, வேலை பெருகியது. ஆனால் 2014 ஏப்ரலில் அரசு விற்பனை வரியை 5-லிருந்து 8 சதவீதமாக்கியதும் குடும்பச் செலவு விழுந்தது. தனியார் யாரும் கடன் வாங்காதபோது அரசுதான் கடன் வாங்கிச் செலவு செய்து ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது கூவின் வாதம். நான் அவர் பக்கம். ஒரு கையால் பணத்தை இறைத்துக்கொண்டே இன்னொரு கையால் வரியை ஏற்றியது, ஜப்பான் 1997-லும் செய்த தவறு. இரண்டு வருஷத்தில் வர வேண்டிய 2 சதவீதம் வரவில்லை.

கடைசியில் விலைவாசி ஏறியது 2022-ல்தான். உக்ரைன் போரால் எரிபொருளும் தானியமும் விலை ஏறின, யென்னும் பலமாக இறங்கியது, இறக்குமதி வழியாக விலையேற்றம் வீட்டுக்குள் வந்தது. பேங்க் ஆஃப் ஜப்பான் அதைப் பார்த்து உடனே வட்டியை ஏற்றிவிடவில்லை. வெளியிலிருந்து வந்த விலையேற்றம் அடங்கினால் பழையபடி இறங்கிவிடும் என்று அதற்குத் தெரியும். அது காத்திருந்தது சம்பளத்துக்காக. ஒவ்வொரு வசந்த காலத்திலும் தொழிற்சங்கங்களும் பெரிய கம்பெனிகளும் உட்கார்ந்து சம்பள உயர்வைப் பேசி முடிப்பார்கள். 2024 மார்ச் 15 அன்று வந்த முதல் கணக்கு 5 சதவீதத்துக்கு மேல் காட்டியது. முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படி ஓர் உயர்வு கிடைத்ததில்லை. நான்கு நாள் கழித்து, மார்ச் 19 அன்று, மைனஸ் வட்டி முடிவுக்கு வந்தது.